கெட்டிமேளத்தில் உடைந்த ஒலியைச் சரிசெய்வது எப்படி?

அக்கா மகள் திருமணத்தில் நாதஸ்வரக் குழுவுக்குப் பக்கத்தில், ஒரு தூணோரமாக, சிறிய கையடக்க ரெக்கார்டரை வைத்திருந்தேன். முகூர்த்தத்துக்கு முன்னால் நாதஸ்வரக்காரர் நிதானமாக ஆலாபனை செய்துகொண்டிருந்தபோது ஒலிமட்டத்தைப் பார்த்துச் சரிசெய்துவிட்டு, பந்தி வேலையைக் கவனிக்கப் போய்விட்டேன். அங்கேதான் தப்பு. தாலி கட்டும் நேரத்தில் 'கெட்டிமேளம், கெட்டிமேளம்' என்று யாரோ விரலை ஆட்ட, இரண்டு தவிலும் ஒரே நேரத்தில் வெடித்தன. அந்த நேரத்தில் தும்மலோ அபசகுனமான சொல்லோ யார் காதிலும் விழக்கூடாது என்பதற்காகத்தானே கெட்டிமேளமே. என் மைக்கிலும் எதுவும் விழவில்லை. நாற்பது வினாடிக்கு வெறும் கரகரப்பு.

அந்த நாற்பது வினாடியை ஓரளவுக்கு மீட்டெடுத்த கதைதான் இது. பயன்படுத்தியது இலவச மென்பொருளான ஆடாசிட்டி. இதே வழிமுறை மேடைப் பேச்சுக்கும் பறையிசைக்கும் பட்டாசுச் சத்தத்துக்கு நடுவே எடுத்த பதிவுக்கும் பொருந்தும்.

முதலில், உண்மையில் என்ன தொலைந்தது?

டிஜிட்டல் ரெக்கார்டர் ஒலி அலையை ஒரு வினாடிக்கு 48,000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் ஓர் எண்ணாக எழுதிவைக்கிறது. 16 பிட் கோப்பில் அந்த எண் 32,767க்கு மேல் போக முடியாது. தவில் அதைத் தாண்டி அடித்தால், தாண்டிய நேரம் முழுவதும் ரெக்கார்டர் 32,767, 32,767, 32,767 என்றே எழுதும். திரையில் பார்த்தால் மலையின் உச்சியை வாளால் சீவியது போல் அலை தட்டையாக இருக்கும்.

இதில் புதியவர்கள் கவனிக்கத் தவறும் விஷயம் ஒன்று உண்டு. தவிலின் தொப்பிப் பக்கத்தைக் குச்சியால் அடிக்கும்போது வருவது பெரிய, மெதுவான அலை. 100 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால், அதன் ஒரு சுற்றுக்கு 480 புள்ளிகள். நாதஸ்வரத்தின் ஒலி அந்தப் பெரிய அலையின் முதுகில் ஏறிவரும் சிறு நெளிவுகள். உச்சி சீவப்படும்போது தவிலின் அலையில் பத்தில் ஒரு பங்குதான் போகிறது. ஆனால் அந்த 48 புள்ளிகள், அதாவது ஒரு மில்லி வினாடி நேரம், நாதஸ்வரம் முற்றிலும் காணாமல் போய்விடுகிறது. அது ஒவ்வோர் அடிக்கும் அறுந்து அறுந்து வருவதைத்தான் காது கரகரப்பாகக் கேட்கிறது. ஆகவே தவிலின் வளைவை வரைந்து நிரப்புவது எளிது, அதன்மேல் இருந்த நாதஸ்வரத்தைத் திரும்ப வரவழைப்பதுதான் கடினம். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்தக் கருவி எங்கே உதவும் என்பது தானாகவே புரியும்.

எதையும் தொடுவதற்கு முன்

மூலக் கோப்பைத் தேடி எடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த பிரதியில் வேலையைத் தொடங்காதீர்கள். அனுப்பும்போது கோப்பு மறுபடி சுருக்கப்பட்டிருந்தால் தட்டையாக இருந்த உச்சிகள் கலைந்து, ரம்பப் பல் போல ஆகிவிடும். காதுக்கு ஒலி உடைந்தே இருக்கும், ஆனால் 'இங்கேதான் வெட்டுப்பட்டது' என்று மென்பொருளால் கண்டுபிடிக்க முடியாது. ரெக்கார்டரின் மெமரி கார்டிலிருந்தோ செல்பேசியிலிருந்து கேபிள் வழியாகவோ எடுத்த கோப்புதான் வேண்டும்.

கார்டைப் பார்க்கும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள். சில ரெக்கார்டர்களில், மட்டத்தைக் குறைத்து இரண்டாவது பிரதி ஒன்றையும் சேர்த்துப் பதியும் வசதி உண்டு. அது இயங்கியிருந்தால் வேலை முடிந்தது. வீடியோக்காரரின் கேமராவில் தூரத்திலிருந்து பதிவான ஒலியும் சில நேரம் கைகொடுக்கும். மோசமான பத்து வினாடிக்கு அதை ஒட்டிவிட்டால், பழுதுபார்ப்பதைவிட நன்றாகவே இருக்கும்.

மூன்றாவதாக, கோப்பை ஆடாசிட்டியில் திறந்து, முழுவதையும் தேர்ந்தெடுத்து, `Amplify` விளைவில் −9 டெசிபெல் கொடுத்துப் பாருங்கள். எல்லையைத் தாண்டிய எண்களையும் எழுதிவைக்கும் 32 பிட் ஃப்ளோட் வகைக் கோப்பாக இருந்தால், திரையின் விளிம்புக்கு வெளியே ஒளிந்திருந்த உச்சிகள் வட்டமாகக் கீழே இறங்கி வரலாம். அப்படி வந்தால் எதுவும் தொலையவில்லை என்று பொருள். மட்டத்தைக் குறைத்ததே போதும். என் கோப்பு 16 பிட். உச்சிகள் தட்டையாகவே கீழே இறங்கின. `Ctrl+Z` அழுத்தி பழைய நிலைக்கே திரும்பினேன்.

எங்கே, எவ்வளவு அடிபட்டிருக்கிறது

`View` மெனுவில் `Show Clipping in Waveform` என்பதை இயக்கினால், எல்லையைத் தொட்ட இடங்களில் சிவப்புக் கோடுகள் தெரியும். என் பதிவின் ஆலாபனைப் பகுதியில் ஒன்றுகூட இல்லை. கெட்டிமேளத்தில் திரையே சிவந்துவிட்டது. ஆனால் தூரத்திலிருந்து பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு நிமிட ஒலியை ஒரு சாண் திரைக்குள் அடைத்துக் காட்டும்போது நாலு சிவப்புக் கோடும் நாற்பது போல்தான் தெரியும்.

`Analyze` மெனுவில் உள்ள `Find Clipping` இன்னும் உதவியானது. தொடர்ந்து மூன்று புள்ளிகள் எல்லையில் இருந்தால் அங்கே ஒரு குறிச்சீட்டு ஒட்டிவிடும். பிறகு மட்டத்தைக் குறைக்கும்போது சிவப்புக் கோடுகள் மறைந்துவிடும். ஆனால் இந்தக் குறிச்சீட்டுகள் அப்படியே இருக்கும். அதனால் இதை இப்போதே செய்துவிடுவது நல்லது.

அடுத்து, நான்கைந்து குறிகளை மிக நெருக்கமாகப் பெரிதாக்கி, தனித்தனிப் புள்ளிகள் தெரியும்வரை போங்கள். தட்டையான பகுதியில் எத்தனை புள்ளிகள் என்று எண்ணுங்கள். எனக்குக் கிடைத்தது இது: தவிலின் வலந்தலைப் பக்கத்து விரலடிகளில் 3 முதல் 8 புள்ளிகள் வரை, தொப்பி அடிகளில் 30 முதல் 60 வரை. முதல் வகை ஏறக்குறைய முழுமையாகச் சரியாகும். இரண்டாவது வகை ஓரளவுக்குத்தான். என் அனுபவத்தில் இருபது புள்ளிகளைத் தாண்டினாலே எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தட்டை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஆடாசிட்டி 1.0 என்று காட்டும் உச்ச எல்லையிலேயே இருந்தால் கோப்பு எழுதும் கட்டத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது. 0.7 போன்ற இடத்தில் தட்டையாக இருந்தால், முன்னதாக வேறெங்கோ, உதாரணமாக மிக்சரில், வெட்டுப்பட்டுப் பிறகு மட்டம் குறைக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது வகையை `Find Clipping` காட்டாது, அது எல்லையை மட்டும்தான் பார்க்கும். ஆனாலும் அதையும் சரிசெய்ய முடியும். தட்டையே எங்கும் இல்லை, உச்சிகள் வட்டமாகவோ சாய்ந்தோ இருக்கின்றன, ஆனால் ஒலி உடைந்திருக்கிறது என்றால் மைக்கே திணறியிருக்கிறது. அதற்குக் கீழே சொல்லும் எதுவும் பெரிதாக உதவாது. அதன் காரத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், அவ்வளவுதான்.

உச்சிகளை மீண்டும் கட்டுதல்

இழந்த உச்சியைக் கட்ட மேலே இடம் வேண்டும். ஆகவே முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து `Amplify` மூலம் −9 டெசிபெல் குறையுங்கள். 1.0இல் இருந்த தட்டை இப்போது 0.355க்கு வந்துவிடும். ஆடாசிட்டி உள்ளுக்குள் 32 பிட் ஃப்ளோட்டில்தான் கணக்குப் போடுகிறது என்பதால் இப்படிக் குறைப்பதால் தரம் கெடாது.

இப்போது கெட்டிமேளப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, `Effect` மெனுவில் `Noise Removal and Repair` பிரிவின் கீழுள்ள `Clip Fix` என்பதைத் திறங்கள். அதில் இரண்டு எண்கள் கேட்கும். முதலாவது `Threshold of Clipping (%)`, வழக்கமாக 95 இருக்கும். இரண்டாவது, கட்டப்படும் உச்சிகளுக்கு இடம் விடுவதற்காக மட்டத்தை எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது. வழக்கமாக −9 இருக்கும். நாம் முன்பே குறைத்துவிட்டதால் இதை 0 ஆக்குங்கள்.

ஏன் இந்தச் சுற்றுவழி? நான் முதல்முறை −9ஐ அப்படியே விட்டு, தேர்ந்தெடுத்த பகுதிக்கு மட்டும் இயக்கினேன். கெட்டிமேளம் அழகாகச் சரியாயிற்று. ஆனால் அதற்கு முன்னிருந்த ஆலாபனையைவிட மெதுவாகக் கேட்டது. தாலி கட்டும்போது மேளக்காரர்கள் எல்லாரும் எழுந்து சாப்பிடப் போய்விட்டது போல! குறைப்பு தேர்ந்தெடுத்த பகுதிக்கு மட்டுமே நடக்கும். முழுவதையும் முதலில் குறைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் வராது.

95 என்ற எண் எதைக் குறிக்கிறது என்று தெரிந்துகொள்வது அவசியம். தேர்ந்தெடுத்த பகுதியின் மிக உயர்ந்த புள்ளியோடு ஒப்பிட்டு, அதில் 95 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் புள்ளிகளை வெட்டுப்பட்டவையாக இந்த விளைவு எடுத்துக்கொள்கிறது. எல்லா உச்சியும் ஒரே உயரத்தில் சீவப்பட்டிருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் தட்டைகள் 0.89இல் இருக்க, எங்கோ ஒரே ஒரு முள் மட்டும் 0.97க்கு நீட்டிக்கொண்டிருந்தால்? 0.89ஐ 0.97ஆல் வகுத்தால் ஏறத்தாழ 92 விழுக்காடு. 95 என்று வைத்தால் தட்டைகள் எதுவும் பிடிபடாது, விளைவை இயக்கியும் ஒன்றும் மாறவில்லையே என்று குழம்புவீர்கள். அப்போது எண்ணை 90க்குக் குறைக்கலாம், அல்லது அந்த முள்ளைத் தவிர்த்துத் தேர்ந்தெடுக்கலாம். மாறாக 80, 75 என்று ரொம்பவும் இறக்கினால், சேதமடையாத உச்சிகளையும் அது 'சரிசெய்து' புதிய கெடுதலை உண்டாக்கும். என் பதிவுக்கு 97 சரியாக இருந்தது.

இடது, வலது சானல்களின் தட்டைகள் வெவ்வேறு உயரத்தில் இருந்தால், டிராக்கின் பெயரருகே உள்ள மெனுவில் `Split Stereo to Mono` கொடுத்து இரண்டையும் பிரித்துக்கொண்டு தனித்தனியாக இயக்குங்கள். பிறகு `Make Stereo Track` மூலம் சேர்த்துவிடலாம்.

இயக்கிய பிறகு மீண்டும் பெரிதாக்கிப் பாருங்கள். 3 புள்ளித் தட்டை இருந்த இடத்தில் இயல்பான மலையுச்சி இருக்கும். 50 புள்ளித் தட்டை இருந்த இடத்தில் வழவழப்பான ஒரு குன்று மட்டும் இருக்கும், அதன்மேல் நெளிவே இருக்காது. `Clip Fix` செய்வது, வெட்டின் இரு கரைகளிலும் உள்ள சரிவைப் பார்த்து நடுவில் ஒரு வளைவை இழுப்பது மட்டுமே. நாதஸ்வரம் அங்கே இருந்தது என்பதே அதற்குத் தெரியாது.

குன்றின்மேல் நாதஸ்வரம்

இதைச் செய்த பிறகு கேட்டேன். முக்கால்வாசி கரகரப்பு போயிருந்தது. மீதி, தொப்பி அடிகளில். மூன்று வழிகளை முயன்று பார்த்தேன்.

முதலாவது, கட்டளை வரியில் இயங்கும் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவி. அதில் `adeclip` என்ற வடிகட்டி இருக்கிறது. அது வெட்டின் கரையை மட்டும் பார்ப்பதில்லை. சுற்றியுள்ள 55 மில்லி வினாடி ஒலியின் ஓட்டத்தைப் படித்து, அந்த ஓட்டம் தொடர்ந்திருந்தால் நடுவில் என்ன வந்திருக்கும் என்று கணிக்கிறது. நாதஸ்வரம் நீண்டு ஒலிக்கும் ஸ்வரத்தில் இருந்தால் அதன் அலை திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருவதால், கணிப்பு பெரும்பாலும் பலிக்கும். கெட்டிமேளம் இருக்கும் பகுதியை மூலக் கோப்பிலிருந்து `thali.wav` என்று தனியாக எடுத்துக்கொண்டு இதைக் கொடுத்தேன்:

```
ffmpeg -i thali.wav -af "volume=-9dB,adeclip" -c:a pcm_f32le thali2.wav
```

முதலில் −9 டெசிபெல் குறைப்பது இடம் விடுவதற்காக. கடைசியில் `pcm_f32le` என்று கொடுப்பது 32 பிட் ஃப்ளோட்டில் எழுதச் சொல்வதற்காக. இல்லாவிட்டால் 16 பிட்டில் எழுதும்போது புதிய உச்சிகள் எல்லையைத் தாண்டினால் மறுபடியும் சீவப்பட்டுவிடும். கிடைத்ததை `Clip Fix` செய்ததோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். நீண்ட ஸ்வரங்களில் `adeclip` தெளிவாக முந்தியது. வேகமான பிருகாக்களில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டுமே மூலக் கோப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும், ஒன்று சரிசெய்ததை இன்னொன்றிடம் கொடுக்கக்கூடாது. தட்டை போய்விட்ட பிறகு அடுத்ததற்குக் கண்டுபிடிக்க எதுவும் இருக்காது.

இரண்டாவது வழி, ஆடாசிட்டியின் `Repair`. ஒருமுறைக்கு 128 புள்ளிகள் வரை மட்டுமே சரிசெய்யும், அதாவது இரண்டரை மில்லி வினாடிக்குச் சற்று அதிகம். தனியாக உறுத்தும் ஒரு 'டப்' சத்தத்தைப் பெரிதாக்கிப் பிடித்து, அதை மட்டும் தேர்ந்தெடுத்து இயக்கலாம். தேர்ந்தெடுத்த புள்ளிகளை மொத்தமாக அழித்துவிட்டுச் சுற்றுப்புறத்திலிருந்து புதிதாக எழுதும் என்பதால், உச்சி உண்மையில் இருந்திருக்க வேண்டியதைவிடத் தாழ்ந்தும் போகலாம். நாற்பது வினாடிக்கு இதையே செய்துகொண்டிருந்தால் அக்கா மகளின் குழந்தைக்குக் காதுகுத்து வந்துவிடும். காதில் குத்தும் ஐந்தாறு இடங்களுக்கு மட்டும் போதும்.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. ரெக்கார்டரின் இடது மைக் தவிலை நோக்கி இருந்தது, வலது மைக் சற்று விலகி. இடது சானலில் 60 புள்ளி தட்டையாக இருந்த சில அடிகளில் வலது சானலில் வெட்டே இல்லை. இரண்டையும் பிரித்துவிட்டு, வலதிலிருந்து அந்த ஓர் அடியை, ஏறத்தாழ 20 மில்லி வினாடியை, நகலெடுத்து இடதில் அதே இடத்தில் ஒட்டினேன். ஒட்டிய துண்டின் மட்டத்தைச் சற்று உயர்த்த வேண்டியிருந்தது. தேர்ந்தெடுத்த பின் `Z` விசையை அழுத்தினால் தேர்வின் இரு முனைகளும் அலை பூச்சியக் கோட்டைக் கடக்கும் இடத்துக்கு நகரும். அங்கே வெட்டினால் ஒட்டுமிடத்தில் 'டிக்' சத்தம் வருவது குறையும். ஆனால் `Z` தேர்வின் நீளத்தைச் சற்றே மாற்றிவிடும். நகலெடுத்த துண்டும் ஒட்டுமிடமும் ஒரே நீளத்தில் இல்லாவிட்டால் அதற்குப் பின்னுள்ள எல்லாம் நகர்ந்து இரண்டு சானல்களும் விலகிப் போகும். ஆகவே ஒரு சானலில் `Z` அழுத்திய பின் அதே தேர்வை அடுத்த சானலிலும் பயன்படுத்துங்கள். இந்த 20 மில்லி வினாடியில் ஒலி நடுவுக்கு வந்துவிடுகிறதே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அதை நானே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

மறுபடியும் உடைக்காமல் வெளியே எடுப்பது

உச்சிகளைக் கட்டி முடித்ததும் பதிவு முழுவதும் மெதுவாகக் கேட்கும். உடனே `Normalize` செய்யக் கை பரபரக்கும். அது உச்சியைத்தான் அளக்கும், புதிதாக எழுந்த ஒரு தொப்பி அடி எல்லையைத் தொட்டதும் நின்றுவிடும். ஆலாபனை அப்போதும் தாழ்ந்தே இருக்கும். அப்படியே `Amplify` செய்து மேலே தள்ளினால், மூன்று மணி நேரம் கட்டிய உச்சிகளை மீண்டும் சீவிவிடுவீர்கள்.

இதற்கு `Limiter` சரியாக இருக்கும். பதிவின் மட்டத்தை 5 அல்லது 6 டெசிபெல் உயர்த்தி, உச்ச வரம்பை −1 டெசிபெல் என்று வைத்து இயக்குங்கள். அது உச்சியை வாளால் சீவாமல், உச்சி வருவதற்குச் சற்று முன்பே மொத்த ஒலியையும் மெல்லத் தாழ்த்தி, பிறகு விட்டுவிடும். அந்தத் தாழ்த்தலில் நாதஸ்வரத்தின் நெளிவுகள் அழிவதில்லை. அதற்கு மேலும் உயர்த்தினால் ஒவ்வொரு தவிலடிக்கும் நாதஸ்வரம் மூச்சு வாங்குவது போல் உள்ளே போய் வெளியே வரும். கேட்டுப் பார்த்து, அது தொடங்கும் இடத்துக்கு ஓர் அடி முன்பே நின்றுகொள்ளுங்கள்.

எஞ்சியிருந்த மெல்லிய சொரசொரப்பைக் குறைக்க, கெட்டிமேளப் பகுதிக்கு மட்டும் `Filter Curve EQ` மூலம் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே 3 டெசிபெல் தாழ்த்தினேன். வெட்டுப்பட்ட அலையின் கோணல்மாணல் பெரும்பாலும் மேல் சுருதிகளில்தான் கூச்சலிடும். 6 டெசிபெல் தாழ்த்திப் பார்த்தபோது தவில் போர்வைக்குள்ளிருந்து ஒலித்தது. திரும்பி வந்துவிட்டேன்.

கடைசியாக `WAV` வடிவத்தில் ஒரு பிரதியை எடுத்து வைத்துவிட்டு, உறவினர்களுக்கு அனுப்ப அதிலிருந்து எம்பி3 தயாரித்தேன். மூலக் கோப்பை அழிக்கவில்லை. அக்கா கேட்டுவிட்டு, மேளத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "நடுவில் ஒருவர் இருமுகிறாரே, அது பெரியப்பாதானே?" என்றாள். 27ஆவது வினாடியில் வரும் இரண்டு தொப்பி அடிகள் எந்த வழிக்கும் மசியாமல் இன்னும் அப்படியே இருக்கின்றன. அந்த இடத்தில் இரண்டு சானலும் சேர்ந்தே 70 புள்ளிக்கு மேல் தட்டையாகிவிட்டன.